இருபது மில்லிமீட்டர் மேலுதடு: ஊசியா, தையலா?

"எனக்கு 36 வயது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இடம் அதிகம், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 20 மில்லிமீட்டர் வருகிறது. பேசும்போது மேல்பல்லே தெரியாது. போன வருடம் ஃபில்லர் போட்டேன். உதடு துருத்திக்கொண்டதே தவிர நீளம் குறையவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், 'லிப் லிஃப்ட் செய்தால் தழும்பே தெரியாது, மூன்று நாளில் வேலைக்குப் போகலாம்' என்கிறார். நம்பலாமா?"

அறுவை சிகிச்சை உங்களுக்குப் பொருந்தலாம். ஏஜென்ட் சொன்ன இரண்டு வாக்கியங்களும் பொய்.

பாவாடை நீளமாக இருந்தால் மடித்துத் தைக்கிறோம். கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும், நீளம் குறையாது. ஃபில்லர் அந்தக் கஞ்சிதான். ஹயலுரானிக் அமிலம் என்ற ஜெல்லை உதட்டின் சிவந்த பகுதிக்குள் செலுத்துகிறார்கள். உதடு தடிக்கும், முன்னால் வரும், சில மாதங்களில் மெல்லக் கரையும். மெல்லிய உதட்டுக்கு அது நல்ல சிகிச்சை. ஆனால் மூக்கடியிலிருந்து உதட்டுக் கோடு வரை உள்ள தோலில் ஒரு மில்லிமீட்டரைக்கூட அது எடுப்பதில்லை. நீளமான உதட்டில் மேலும் மேலும் ஏற்றினால் பாரம் கூடி, பக்கவாட்டில் பார்க்கும்போது வாத்து மூக்கு போல நீட்டிக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

லிப் லிஃப்டில் மூக்குக்கு நேர் கீழே ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, கீழ் விளிம்பை மேலே ஏற்றித் தைக்கிறோம். அந்தப் பட்டை மாட்டுக் கொம்பு போல வளைந்திருக்கும், நடுவில் அகலம், ஓரங்களில் கூர்மை. இளம் பெண்களுக்கு அந்த இடைவெளி பொதுவாக 11 முதல் 15 மில்லிமீட்டர். உங்கள் 20-இல் 5 எடுத்தால் 15 மிஞ்சும். மொத்தத்தில் கால் பங்கு. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. கூடுதலாக வெட்டினால் உதடுகள் தாமாக மூடாது, சிரிக்கும்போது ஈறு தெரியும், மூக்குத் துவாரம் கீழே இழுபடும். ஃபில்லர் பிடிக்கவில்லை என்றால் ஊசி போட்டுக் கரைக்கலாம். வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்று, உயர்வது உதட்டின் நடுப்பகுதிதான். வாய் மூக்கைவிட அகலமானது, வாயோரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதிகமாக ஏற்றினால் உதடு கூடாரம் போல முக்கோணமாகத் தெரிவது இதனால்தான்.

இனி தழும்பு. அது இருக்கும். அது எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதில்தான் அறுவை நிபுணரின் திறமை. மூக்கின் பக்கச் சிறகு கன்னத்தில் சேரும் மடிப்பு, துவாரத்தின் அடிவரம்பு, நடுத்தண்டின் அடி, இந்த மூன்றையும் ஒட்டி வெட்டு வளைந்து வளைந்து போக வேண்டும். அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினாலும் உதட்டின் மேல் கோடு போட்டது போல நிற்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்து உங்கள் மூக்கை அடியிலிருந்து பாருங்கள். துவாரத்துக்கும் உதட்டுக்கும் நடுவே சின்ன வரப்பு மாதிரி ஒரு மேடு தெரிந்தால் நல்லது, அதன் அடி மடிப்பில் தழும்பு பதுங்கிவிடும். சிலருக்கு அந்த வரப்பே இருக்காது, உதட்டுத் தோல் சரிவாக அப்படியே துவாரத்துக்குள் போய்விடும். அந்த மூக்கில் வழக்கமான இடத்தில் வெட்டினால் தழும்பு வெட்டவெளியில் கிடக்கும். அதற்காக வெட்டைத் துவாரத்தின் உட்புறமாக நகர்த்துவார்கள். வரப்பு உள்ளவருக்கும் அதே முறையைக் கையாண்டால், இருந்த வரப்பும் அழிந்து மூக்கடி மொட்டையாகிவிடும். ஆகவே 'எல்லோருக்கும் ஒரே மாதிரி மறைத்து வெட்டுவோம்' என்று சொல்பவர் உங்கள் மூக்கை அடியிலிருந்து பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

நம் நிறத்துத் தோலில் தழும்பு கறுத்துப்போவதும் தடிப்பதும் அதிகம். காது குத்திய இடத்தில் கட்டி மாதிரி கீலாய்டு வளர்ந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்யலாம். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு அடுக்கு, தோலில் ஒரு அடுக்கு எனத் தையல் இரண்டு. இழுவிசையை உள் தையல் தாங்க வேண்டும். மலிவு பேக்கேஜில் தோலை மட்டும் தைத்து அரை மணியில் அனுப்பிவிடுவார்கள். உதட்டின் பாரம் முழுவதும் தழும்பில் தொங்கும், அது அகலமாகும், மூக்கையும் கீழே இழுக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் உதடு நன்றாக வீங்கும். தோல் தையலை 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். அதுவரை ஈரப் பஞ்சால் உலர்ந்த ரத்தத்தைத் துடைத்து, டாக்டர் தந்த களிம்பைத் தடவுங்கள். வாயை அகலத் திறந்து கடிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாம் இரண்டு வாரம் வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு அலுவலகம் போக ஏழெட்டு நாள், முகம் காட்டிப் போக இரண்டு வாரம் என்று விடுப்பு போடுங்கள். உதடு சில வாரங்கள் மரத்தும் விறைத்தும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

தழும்பு ஓரிரு மாதத்தில்தான் மிகவும் சிவந்து கெட்டியாக இருக்கும். பலர் பயந்து வேறு கிளினிக்குக்கு ஓடி லேசர், ஊசி என்று பணத்தைக் கொட்டுவது அப்போதுதான். காயம் மூடியபின் சிலிகான் ஜெல்லும் சன்ஸ்கிரீனும் போதும். தீர்ப்பை ஒரு வருடம் கழித்துச் சொல்லுங்கள். மேலுதட்டு திரெடிங், பிளீச் இரண்டும் குறைந்தது இரண்டு மாதம் கூடாது.

இப்போது அந்த ஏஜென்ட். அவர் டாக்டர் அல்ல, கமிஷன்காரர். தவறு நடந்தால் மெடிக்கல் கவுன்சிலில் அவர்மீது புகார்கூடக் கொடுக்க முடியாது, கவுன்சிலின் பிடியில் இருப்பவர்கள் பதிவு பெற்ற டாக்டர்கள் மட்டுமே. பார்லரில் ஃபில்லர் போடும் ஆட்களுக்கும் இதே வசதி. அங்கே ரத்தக்குழாய் அடைத்து உதடு வெளுத்து, வலித்து, வலைப்பின்னல் போல ஊதா நிறம் ஏறினால், அந்த மணி நேரத்திலேயே போட வேண்டிய, ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் ஊசி கையில் இருக்காது. ஒப்புதல் படிவத்தையோ, மேஜையில் படுத்த பிறகு ஆங்கிலத்தில் நீட்டுகிறார்கள். தமிழில் கொடுக்கச் சொல்லி எத்தனை முறை கேட்டாலும் இந்த ஊரில் யாருக்கும் காது கேட்பதில்லை.

கத்தி பிடிக்கப் போகிறவரின் பெயரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, மாநில மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் செய்த வேலையின் படம் கேட்டால், சிரிக்காமல் வாய் மூடி, ஒரு வருடம் கழித்து, மூக்கை அடியிலிருந்து எடுத்த படம் வேண்டும். சிரித்த முகத்தில் எந்த உதடும் குட்டையாகத்தான் தெரியும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய ஃபில்லர் உள்ளே இருந்தால் அளவு பொய் சொல்லும். முதலில் அதைக் கரைத்துவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து, வாயைத் தளர்த்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 20 என்பது 17 ஆகிவிட்டால் எடுக்க வேண்டியது வெறும் 2 அல்லது 3 மில்லிமீட்டர். அவ்வளவுக்காக மூக்கடியில் ஒரு தழும்பு வாங்குவதா என்று அப்போது யோசிக்கலாம். முன்பணத்தை அதுவரை பையிலேயே வைத்திருங்கள்.