பயோடேட்டாவைப் பார்த்து நிரப்பிய தேர்வாணைய விண்ணப்பம்: சான்றிதழோடு பொருந்தாவிட்டால் என்ன வழி?

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2024 ஜூனில் வந்த குரூப் 2 அறிவிக்கைக்கு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தேன். வேலைக்காகத் தயாரித்து வைத்திருந்த பயோடேட்டாவைக் கொடுத்தேன். அதைப் பார்த்து அங்கிருந்தவரே நிரப்பினார். இப்போது அசல் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் பொருந்தவில்லை. பி.காம் தேர்ச்சி ஆண்டு 2022 என்று இருக்கிறது. எனக்கு ஒரு அரியர் இருந்து, அதன் முடிவு 2023 பிப்ரவரியில்தான் வந்தது. என் பெயரின் ஆங்கில எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பட்டச் சான்றிதழில் வேறு மாதிரியும் உள்ளது. தமிழ் வழியில் படித்தவர் என்று 'ஆம்' கொடுத்திருக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்பு வரை ஆங்கில வழி நர்சரிப் பள்ளியில் படித்தேன். நிராகரித்து விடுவார்களா? முன்கூட்டியே நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: மூன்று பிழைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக் கலங்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் அவற்றின் எடை வேறு வேறு. ஒன்று பெரும்பாலும் விளக்கத்தோடு முடிந்துவிடும். ஒன்றுக்காக வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. மூன்றாவதுதான் உண்மையில் கவலைக்குரியது. ஆனால் உங்கள் கேள்வியில் தேர்ச்சி ஆண்டுக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

பிழை எப்படி நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விளக்கக் கடிதத்தில் நீங்கள் எழுத வேண்டியதும் அதுவே. பயோடேட்டாவில் "பி.காம், 2019–2022" என்று எழுதுவது பொய்யல்ல. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கல்லூரியில் படித்தீர்கள் என்பதை அது சொல்கிறது. தனியார் நிறுவனம் அதைத்தான் பார்க்கிறது. தேர்வாணைய விண்ணப்பம் கேட்பது படித்த காலத்தை அல்ல, தேர்ச்சி பெற்ற மாதத்தையும் ஆண்டையும். பயோடேட்டா என்பது நம்மைப் பற்றி நாமே தேர்ந்தெடுத்துச் சொல்வது. விண்ணப்பமோ அவர்கள் கேட்கும் கேள்விக்கு, உறுதிமொழியின் கீழ் நாம் தரும் விடை. ஆகவே விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய அசல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிரப்ப வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் தட்டச்சு செய்தாலும் உறுதிமொழி உங்களுடையதே. "அவர் தவறாகப் போட்டுவிட்டார்" என்பது சூழ்நிலையை விளக்க உதவுமே தவிர, தனியாக நின்று உங்களைக் காப்பாற்றாது.

இனி தேர்ச்சி ஆண்டு. குரூப் 2 பணிகளுக்குப் பட்டம் வேண்டும். அந்தத் தகுதி அறிவிக்கை வெளியான நாளில் உங்களிடம் இருந்திருக்க வேண்டும், அதாவது பட்டத்தின் தேர்வு முடிவு அந்த நாளுக்குள் வெளியாகியிருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா எப்போது நடந்தது என்பது இங்கே பொருட்டல்ல. உங்கள் கணக்கு இப்படி வருகிறது: அரியர் தாளின் முடிவு 2023 பிப்ரவரி, அறிவிக்கை 2024 ஜூன். விண்ணப்பத்தில் உள்ள 2022-ஐ எடுத்துக்கொண்டாலும், சான்றிதழில் உள்ள 2023-ஐ எடுத்துக்கொண்டாலும், அறிவிக்கை நாளில் நீங்கள் பட்டதாரிதான். தவறான பதிவால் உங்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடவில்லை, இல்லாத தகுதி எதுவும் வந்து சேரவும் இல்லை.

இந்த நிலைக்கு மிக நெருங்கிய தீர்ப்பு ஒன்று உண்டு. பீகார் காவலர் தேர்வில் வசிஷ்ட நாராயண் குமார் என்பவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 2-ஆம் நாள் அளித்தது அது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் 18.12.1997, இணையவழி விண்ணப்பத்தில் 8.12.1997. அவரும் உங்களைப் போலவே இணைய மையம் ஒன்றின் உதவியோடு விண்ணப்பித்தவர். எழுத்துத் தேர்விலும் உடல் தகுதித் தேர்விலும் தேறியவரை, இந்தப் பத்து நாள் வேறுபாட்டுக்காகத் தேர்ச்சி பெறாதவர் என்று அறிவித்தார்கள். இரண்டு தேதிகளில் எதை எடுத்துக்கொண்டாலும் அவர் வயது வரம்புக்குள்தான் இருந்தார், அந்தப் பிழையால் அவர் எந்த ஆதாயமும் அடையவில்லை, தேர்வின் முடிவில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை என்று கண்ட நீதிமன்றம் நிராகரிப்பை நீக்கியது. சரியான தேதியுள்ள சான்றிதழை அவரே கொண்டுவந்து காட்டியிருந்தார் என்பதையும் கவனியுங்கள்.

இதை வைத்துக்கொண்டு எல்லாப் பிழைகளும் மன்னிக்கப்படும் என்று எண்ணிவிட வேண்டாம். விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள் கட்டாயம் பின்பற்றப்பட வேண்டியவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-லேயே வெண்ணிலா என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. தேர்வாணையத்தின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். மேலும், கடைசி நாளுக்குப் பிறகு விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ளச் சில நாள் சாளரம் திறக்கிறார்களே, அப்போது ஏன் திருத்தவில்லை என்ற கேள்வியும் வரும். அதற்கு நேர்மையான ஒரே விடை, அப்போது கவனிக்கவில்லை என்பதே. அழகான காரணம் எதையும் கற்பிக்காதீர்கள். உங்கள் அரியர் முடிவு அறிவிக்கைக்கு ஒரு வாரம் பின்னால் வந்திருந்தால், இந்தத் தீர்ப்பு எதற்கும் உதவியிருக்காது. அப்போது 2022 என்ற பதிவு இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டியிருக்கும்.

பெயர் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தா ஒன்றா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டதா என்பவற்றில் நம் ஊரில் இரண்டு சான்றிதழ்கள் ஒத்துப்போனால்தான் வியப்பு. விண்ணப்பத்தில் உள்ள பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒத்திருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழி ஆவணம் ஒன்று எடுத்து, தந்தை பெயரும் பிறந்த நாளும் இரண்டு சான்றிதழ்களிலும் ஒன்றாக இருப்பதை அதில் சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் போதும். அரசிதழில் வெளியிடுவது பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு உரியது. எழுத்து வேறுபாட்டுக்காக இப்போது அவசரமாகப் பெயர் மாற்றம் செய்தால், அறிவிக்கைக்குப் பிந்தைய நாளோடு மூன்றாவது பெயர் ஒன்றுதான் உருவாகும்.

தமிழ் வழி ஒதுக்கீட்டுக்கு வருகிறேன். உங்கள் பயோடேட்டாவில் "தமிழ் வழிக் கல்வி" என்று இருந்திருக்கும். பட்டப்படிப்பைத் தமிழில் படித்தவர் அப்படி எழுதுவதில் பிழையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் அதே சொற்களுக்குச் சட்டம் கொடுத்த பொருள் வேறு. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. 2020-இல் அதைத் திருத்தி, பணிக்குரிய கல்வித் தகுதி வரையிலான எல்லா நிலைகளையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். தேர்வாணையம் கேட்கும் சான்றிதழ் படிவமும் முதல் வகுப்பிலிருந்தே பயிற்று மொழியைக் கேட்கிறது. இரண்டு வகுப்புகளை ஆங்கில வழியில் படித்த உங்களுக்கு, உள்ளதை உள்ளபடி எழுதும் தலைமையாசிரியர் எவரும் அந்தச் சான்றிதழைத் தர முடியாது.

வசிஷ்ட நாராயண் குமார் வழக்கின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த ஒரு 'ஆம்' உங்களைத் தனி ஒதுக்கீட்டுக்குள் கொண்டுபோகிறது. அது ஆதாயம் தரும் பதிவு. எனவே சிறு பிழை என்று வாதிட இயலாது. உங்கள் முன் இருக்கும் கேள்வி, அந்தப் பதிவு இல்லாமலேயே நீங்கள் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருப்பீர்களா என்பதுதான். உங்கள் மதிப்பெண்ணையும் தரவரிசையையும், உங்கள் வகுப்புப் பிரிவில் தமிழ் வழி ஒதுக்கீடு இல்லாமல் அழைக்கப்பட்டவர்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் நீங்கள் வருவீர்களானால், ஒதுக்கீட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கிறேன், பொதுவான முறையில் என்னைப் பரிசீலியுங்கள் என்று எழுத்தில் கேட்கலாம். அந்தப் பதிவால் நான் எதையும் பெறவில்லை என்று பின்னால் நீதிமன்றத்திலும் சொல்ல முடியும். அவர்கள் ஏற்பார்களா என்பது தவறான கோரிக்கை பற்றி அந்த அறிவிக்கையில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது. அந்தப் பத்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ஒதுக்கீட்டால் மட்டுமே அழைக்கப்பட்டிருந்தால், இந்தத் தேர்வில் உங்களுக்கு வழியில்லை என்பதே என் கருத்து. நர்சரிப் பள்ளி இப்போது மூடிக்கிடக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்லி வேறு பள்ளியில் சான்றிதழ் வாங்கித் தர முன்வருபவர்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். இப்போது இருப்பது விண்ணப்பப் பிழை. அதைச் செய்தால் பொய் ஆவணம் பயன்படுத்திய குற்றமாகிவிடும், அடுத்து வரும் தேர்வுகளை எழுதவும் தடை விதிக்கப்படலாம்.

சரிபார்ப்பு நாள் வரை காத்திராமல், தேர்வாணையச் செயலாளருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். பதிவெண், அறிவிக்கை எண், எந்தக் கட்டத்தில் என்ன பதிவாகியிருக்கிறது, சான்றிதழில் என்ன இருக்கிறது, பயோடேட்டாவில் இருந்த படிப்புக் காலம் தேர்ச்சி ஆண்டாகப் பதிவான விதம், அறிவிக்கைக்கு முன்பே முடிவு வெளியாகிவிட்டது என்பது ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அரியர் தாளின் மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தேதியுள்ள தற்காலிகச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். தமிழ் வழிக் கோரிக்கையைக் கைவிடுவதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் முதல் விளக்கத்தின் நேர்மையும் கேள்விக்குள்ளாகும். விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தி, கடிதத்தின் ஒரு நகலைச் சரிபார்ப்பின்போது கையில் கொண்டு செல்லுங்கள்.

அவர்கள் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எதிர்த்து வழக்குத் தொடுப்பது கடினம். அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை மனு போட வேண்டும். விழுப்புரம் மாவட்டம் என்பதால் உங்கள் மனு மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்கு வரும். கலந்தாய்வு முடிந்து பணியிடங்கள் நிரம்பிவிட்டால், நியமனம் பெற்றவர்களை எதிர்த்து வாதாடும் நிலை வந்துவிடும். எனவே நிராகரிப்பு ஆணை கைக்கு வந்த ஓரிரு நாளிலேயே வழக்கறிஞரைப் பார்த்து, தீர்ப்பு வரும் வரை உங்கள் வகுப்புப் பிரிவில் ஒரு பணியிடத்தைக் காலியாக வைத்திருக்கும்படி இடைக்கால ஆணை கேட்கச் சொல்லுங்கள்.