காலில் தொடங்கிய பலவீனம் மேலே ஏறுகிறது, ஆக்சிஜன் மட்டும் 98

*கேள்வி: அப்பாவுக்குப் பத்து நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. நேற்று முதல் பாதம் மரத்துப்போகிறது, இன்று மாடிப்படி ஏற முடியவில்லை. ஆக்சிஜன் 98 காட்டுகிறது. சத்து மாத்திரை கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாமா?*

வேண்டாம், இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். நரம்பியல் பிரிவும் ஐசியுவும் வென்டிலேட்டரும் உள்ள இடமாகப் பாருங்கள். நான் நரம்பியல் ஐசியுவில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் அதுவரை அதுதான் என்று நினைத்து நடந்துகொள்வதே பாதுகாப்பு.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமியின் மேலுறையில், நம் நரம்பில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளைப் போலவே அமைப்பு உண்டு. கிருமியை அடிக்க உடம்பு செய்த எதிர்ப்புப்பொருள் நரம்பையும் கிருமி என்று எண்ணித் தாக்குகிறது. அதனால்தான் வயிறு சரியாகி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கால் தளர்கிறது. சளி, காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வருவதுண்டு.

சரி, ஆக்சிஜன் 98 இருக்கிறதே என்கிறீர்கள். அதை நம்பித்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இந்த நோயில் நுரையீரல் கெடுவதில்லை, அதை விரிக்கும் தசைகள்தான் தளர்கின்றன. தசை பாதிக்கு மேல் ஓய்ந்த பிறகும் விரலில் மாட்டும் கருவி 97, 98 என்றே காட்டும். அது இறங்கத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயது, எடை 60 கிலோ. வந்த அன்று கையைப் பிடித்தால் நடப்பார், முட்டியைத் தட்டினால் கால் துள்ளவில்லை. ஆழமாக மூச்சிழுத்து, விடாமல், விநாடிக்கு இரண்டு எண் வேகத்தில் எண்ணச் சொன்னோம். காலையில் 32 வரை எண்ணினார், மாலையில் 24, இரவில் 17. ஊதிப் பார்க்கும் கருவியில் ஒரே மூச்சில் விட்ட காற்று 1900 மில்லியிலிருந்து 1100-க்கு வந்திருந்தது. கிலோவுக்கு 20 மில்லி என்பது நாங்கள் பார்க்கும் எல்லை, அவருக்கு அது 1200. அதற்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்கத் திணறினார். ஆக்சிஜன் அப்போதும் 97. டாக்டர் அன்றிரவே மூச்சுக்குக் குழாய் போட்டார். திணறி நீலம் பாரிக்கும் வரை விட்டுவிட்டு அவசரத்தில் போடுவதைவிட இது எவ்வளவோ நல்லது. அப்புறம் சில வாரம் வென்டிலேட்டர், பல மாதம் பிசியோதெரபி. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்.

எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாது. நான்கைந்து பேரில் ஒருவருக்குத்தான் வென்டிலேட்டர் தேவைப்படும். ஆனால் யார் அந்த ஒருவர் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. பலவீனம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் உச்சம் தொட்டு நிற்கும். அதுவரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் திடீரென ஏறி இறங்கும் என்பதால் மானிட்டரும் அவசியம்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள், பயப்படாதீர்கள். அதில் புரதம் கூடியும் செல்கள் கூடாமலும் இருந்தால் ஜிபிஎஸ் பக்கம் சாயும். முதல் வாரத்தில் அந்த முடிவு நார்மலாகவே வரலாம், அதை வைத்து நோய் இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பொட்டாசியம் குறைந்தாலும் இப்படித் தளரும், அந்த ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாமல் போனாலோ தண்டுவடத்தையே ஸ்கேன் பண்ண வேண்டியிருக்கும், அதையும் சொல்லுங்கள்.

சிகிச்சை இரண்டில் ஒன்று: தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப்பொருளை ரத்தக்குழாயில் ஏற்றும் ஐவிஐஜி, அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்று. ஐவிஐஜி கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 60 கிலோ உள்ளவருக்கு மொத்தம் 120 கிராம், செலவு பெரிது. பிளாஸ்மா மாற்றும் அதே அளவு பலன் தரும் என்பதால் பணம் புரட்டக் காத்திருந்து நாளைக் கடத்தாமல் எது சீக்கிரம் கிடைக்கும் என்று கேளுங்கள். இரண்டுமே மறுநாளே எழுப்பி நடக்க வைக்காது, தேறும் காலத்தைத்தான் குறைக்கும். ஸ்டீராய்டு மாத்திரை இதற்குப் பலன் தராது, யாராவது தந்தால் காரணம் கேளுங்கள்.

கிளம்பும் முன் அப்பாவை அதே போல ஒரே மூச்சில் ஒருமுறை எண்ணச் சொல்லி, எதுவரை எண்ணினார் என்பதையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். 20-க்குக் கீழே போனாலோ, குரல் மாறினாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ காருக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்.