பக்கத்துக் கடைக்காரர் ஐஇசியில் உளுந்து இறக்கலாமா?

கேள்வி: ரங்கூனில், பேயிங்நாங் சந்தையில் பயறு வியாபாரம் செய்கிறேன். விருதுநகரில் சின்னதாகப் பருப்புக் கடை வைத்திருக்கும் அத்தான் ஒரு கன்டெய்னர் மட்பே, அதாவது உளுந்து, அனுப்பச் சொல்கிறார். இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இந்திய அரசு கொடுக்கும் ஐஇசி எண் அவரிடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரருடைய ஐஇசியில் இறக்கிக்கொள்ளலாம், மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும் என்கிறார். மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரே வழியாக அனுப்பினால் ஐஇசியே வேண்டாம் என்றும் ஒருவர் சொன்னார். எதைச் செய்யலாம்?

பதில்: அத்தானை அவர் பெயரிலேயே ஐஇசி எடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் 500 ரூபாய். இதற்குப் போய் மூட்டைக்குக் கமிஷன் கொடுக்கிறேன் என்கிறாரே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஐஇசி உங்களுக்கு வேண்டியதில்லை. அது இந்தியாவில் சரக்கை இறக்குபவருக்கோ ஏற்றுபவருக்கோ உரியது. 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தகச் சட்டம், இந்த எண் இல்லாமல் யாரும் இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்யக்கூடாது என்கிறது. நீங்கள் இங்கே பர்மா வர்த்தக அமைச்சகத்தில் வைத்திருக்கும் பதிவும் ஏற்றுமதி லைசென்ஸும் தனி. ஆனால் அங்கே சிக்கல் வந்தால் நிற்கப்போவது உங்கள் பணம். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

பக்கத்துக் கடைக்காரர் கதைக்கு வருவோம். 20 அடி கன்டெய்னரில் 24 டன், டன் 800 டாலர் என்று வைத்துக்கொண்டால் 19,200 டாலர். கன்டெய்னர் தூத்துக்குடியில் இறங்குகிறது. கஸ்டம்ஸ் ஏஜென்ட் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரத்தைப் போடுகிறார். அதில் இறக்குமதியாளர் பெயர், ஐஇசி, பணம் அனுப்பப்போகும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோட் மூன்றும் இருக்கும். மூன்றுமே பக்கத்துக் கடைக்காரருடையவை. சுங்கத்துறையைப் பொறுத்தவரை சரக்கு அவருடையது. விலையைக் குறைத்துக் காட்டியதாகவோ தரம் தவறியதாகவோ கேள்வி வந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும். சுங்கத்துறை இந்த எண்ணைக் கேட்பதற்குக் காரணமே இதுதான்: சரக்குக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் மேல் விரல் வைக்க வேண்டும். ஐஇசி உண்மையானதுதானா, ஆள் அந்த முகவரியில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஏஜென்டின் கடமை. அதில் தவறினால் அவர் லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால் நல்ல ஏஜென்ட் இந்த மாதிரி ஏற்பாட்டைத் தொடவே மாட்டார்.

இனி வங்கி. உங்கள் திட்டம் உடைவது இங்கேதான். சுங்கத்தில் பதிவாகும் பில் ஆஃப் என்ட்ரி, ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய ஐடிபிஎம்எஸ் என்ற கணினி அமைப்பு வழியாக ஏடி கோட் உள்ள வங்கிக்குப் போய்விடும். ‘இந்த ஐஇசிக்காரர் 19,200 டாலர் சரக்கு இறக்கியிருக்கிறார், பணம் இன்னும் போகவில்லை’ என்று அங்கே ஒரு கணக்கு திறந்து நிற்கும். அத்தான் தன் வங்கிக்குப் போய் உங்களுக்கு டாலர் அனுப்பச் சொல்கிறார். அவர்கள் ஐஇசியையும் பில் ஆஃப் என்ட்ரியையும் கேட்பார்கள். அவர் பெயரில் இரண்டுமே கிடையாது. சரக்கு வந்த கணக்கு ஓரிடத்தில், பணம் வேறிடத்தில். சரக்கே வராமல் டாலரை வெளியே கடத்துகிறவர்களைப் பிடிக்கத்தான் வங்கி இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறது. நேர்மையான அத்தானும் அதே வலையில் மாட்டுவார். இங்கே உங்கள் வங்கியும் சும்மா இருக்காது. ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பணம் அனுப்பியவர் வேறு பெயர் என்றால் கேள்வி கேட்கும்.

பக்கத்துக் கடைக்காரர் உண்மையாகவே வாங்கி விற்பதானால் தவறில்லை. ஒப்பந்தம், கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங் எல்லாம் அவர் பெயரில் இருக்கட்டும். அவரே உங்களுக்கு டாலர் அனுப்பட்டும். அப்புறம் அத்தானுக்கு ரூபாயில் பில் போட்டு விற்கட்டும். ஆனால் அது வேறு வியாபாரம். அப்போது நீங்கள் கடன் நம்பிக் கொடுப்பது அத்தானுக்கு இல்லை, முகம் தெரியாத ஒருவருக்கு.

மோரே விஷயத்தில் உங்களிடம் சொன்னவர் பாதி சரி. இந்திய–பர்மா எல்லைப்பகுதி வழியாகப் போகும் சரக்குக்கு ஐஇசி விலக்கு உண்டு. ஆனால் ஒரு சரக்கின் மதிப்பு, சரக்குக்கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்த்து, 25,000 இந்திய ரூபாயைத் தாண்டக்கூடாது. கிலோ 70 ரூபாய் என்றால் 350 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏழு. எல்லையில் நம் பக்கம் இருக்கும் தமுவிலிருந்து சில மூட்டை கொண்டுபோகிறவருக்கான சலுகை அது. கன்டெய்னருக்கு உதவாது.

சரி, அத்தான் எப்படி எடுப்பது? dgft.gov.in தளத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். பான் அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை, ஆதார் ஓடிபி, அவ்வளவுதான். தனிநபர் கடை என்றால் அவருடைய பான் எண்ணே ஐஇசி எண்ணாக வரும். ஒரு பானுக்கு ஒரே ஐஇசி. தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான்: பானில் ‘எஸ். முருகன்’, காசோலையில் ‘முருகன் ஸ்டோர்’ என்று இருந்தால் இழுபறி. விண்ணப்பிக்கும் முன்பே கடை பெயரில் நடப்புக் கணக்கு திறந்து, எல்லாத் தாளிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது. உளுந்து சாப்பிடும் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமமும், பயிர்நோய்த் தடுப்பு அனுமதியும் தனியாக வேண்டும். அவற்றை ஏஜென்டிடம் கேட்டு முதலிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

எடுத்ததோடு முடிந்தது என்று இருக்கவும் கூடாது. ஐஇசிக்குக் காலாவதி இல்லை என்றாலும், ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் போய் விவரங்கள் சரி என்று உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடக்கப்படும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இதை அறியாமல், இந்தியாவில் வாங்குபவரின் பழைய ஐஇசியை நம்பிக் கன்டெய்னரை ஏற்றிவிட்டார். அங்கே பில் ஆஃப் என்ட்ரி போட முடியவில்லை. எண்ணை உயிர்ப்பிப்பது பெரிய வேலை இல்லை, ஆனால் அதை அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் போய்விட்டன. பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கன்டெய்னர் வாடகையும் யார்டு வாடகையும் தனி. வாங்குபவர் அந்தச் செலவை எல்லாம் விலையில் கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்பினார்.

இதை நீங்கள் ரங்கூனிலிருந்தே பார்த்துவிடலாம். அதே தளத்தில் `View Any IEC` என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஐஇசி எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் போட்டால், எண் நடப்பில் இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ஒப்பந்தம் போடும் அன்று ஒருமுறையும் கன்டெய்னரை ஏற்றும் முன் இன்னொரு முறையும் பாருங்கள். அத்தானாயிற்றே, எப்படிச் சரிபார்ப்பது என்று கூச்சப்பட வேண்டாம். அவருக்குத் தெரியாமலேயே பார்க்கலாம்.