டிஸ்கிரிப்ஷனில் போட்ட லிங்க் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: யூடியூப் சேனல் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. டிஸ்கிரிப்ஷன்ல என் கடையோட லிங்க் போட்டேன், வெறும் எழுத்தாத்தான் தெரியுது, தொட்டா திறக்கல. போன் நம்பர் எல்லாம் ஏற்கனவே வெரிஃபை பண்ணியாச்சு. இப்ப லைசென்ஸ் காட்டச் சொல்லுது. எதுக்கு இப்படி? காட்டலாமா?

பதில்:

காட்டலாம். ஆனால் அது மட்டுமே வழி இல்லை. அவசரம் இல்லையென்றால் எந்த அடையாள அட்டையும் காட்டாமலே இது திறந்துவிடும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

யூடியூப் தன் வசதிகளை மூன்று படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் படி, சேனல் திறந்தவுடன் எல்லோருக்கும் கிடைப்பது. இரண்டாவது, போன் நம்பருக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்தால் திறப்பது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ, சொந்தத் தம்ப்நெயில், நேரலை எல்லாம் அதில் அடக்கம். மூன்றாவது படியின் பெயர் `Advanced features`. டிஸ்கிரிப்ஷனில் தொட்டால் திறக்கும் வெளி லிங்க், கமெண்டை மேலே பின் செய்து வைப்பது, ஒரு நாளில் கூடுதலான வீடியோக்களை ஏற்றுவது எல்லாம் இங்கேதான் வருகின்றன. போன் நம்பர் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று பெரும்பாலானோர் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இப்போது இரண்டாம் படியில் நிற்கிறீர்கள்.

லிங்க்கை மட்டும் ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள்? மோசடிக்காரன் ஏற்றும் வீடியோவில் பெரும்பாலும் குற்றம் சொல்ல எதுவும் இருக்காது. "இலவச ரீசார்ஜ்", "வீட்டிலிருந்தே வேலை" என்று நல்லபடியாகப் பேசும் ஒரு சின்ன வீடியோதான். கெடுதல் நடப்பது லிங்க்கைத் தொட்ட பிறகு, இன்னொருவரின் தளத்தில். வீடியோவை யூடியூபின் இயந்திரங்கள் அலசலாம். ஆனால் அந்த வெளித் தளத்தில் நாளைக்கு என்ன இருக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. சோதிக்க வரும்போது சாதாரண ஊறுகாய்க் கடையாக இருக்கும் பக்கம், மறுநாள் வங்கி பாஸ்வேர்டு கேட்கும் பக்கமாக மாறியிருக்கும். சில தளங்கள் சோதனை இயந்திரத்துக்கு ஒரு முகமும் சாதாரணப் பார்வையாளருக்கு இன்னொரு முகமும் காட்டும்.

லிங்க்கைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாததால்தான் அதைப் போடுகிறவர் யார் என்று பார்க்கிறார்கள். இதில் உள்ள கணக்கு எளிமையானது. ஒரு மின்னஞ்சல் முகவரிக்குச் செலவே இல்லை. போன் நம்பருக்குக் கொஞ்சம் செலவு உண்டு. அதிலும் ஒரு நம்பரை வைத்து ஒரு வருடத்துக்கு இரண்டு சேனல்களைத்தான் வெரிஃபை செய்ய முடியும். பாஸ்போர்ட்டையோ முகத்தையோ கொத்துக் கொத்தாக உருவாக்குவது அதைவிட மிகக் கடினம். காலையில் நூறு சேனல் திறந்து, மாலையில் அவை முடக்கப்பட்டாலும் கவலைப்படாமல் மறுநாள் இன்னொரு நூறு திறக்கிற ஆளுக்கு இந்த மூன்றாம் படி பெரிய சுவர். உங்களைப் போல ஒரே சேனலை வைத்துக்கொண்டு நடத்துகிறவருக்கு இது ஒருமுறை செய்யும் வேலை. எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது. சின்னக் கடை வைத்திருப்பவர்கள் தொடக்கத்தில் சிரமப்படுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

இனி திறக்கும் வழி. கணினியில் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய் இந்த இடத்தைப் பாருங்கள்:

```
Settings > Channel > Feature eligibility
```

அங்கே மூன்று படிகளும் வரிசையாக இருக்கும். எது உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். மூன்றாம் படிக்கு மூன்று வழிகள் உண்டு. எல்லா வழிகளும் எல்லோருக்கும் காட்டப்படுவதில்லை.

ஒன்று, அடையாள அட்டை. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவை; உங்களிடம் எதைக் கேட்கிறது என்று திரையிலேயே தெரியும். போனின் கேமராவில் அட்டையை நேரடியாகப் படம் எடுக்க வேண்டும். நகல், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போகாது. லேமினேஷன் செய்த அட்டையில் ட்யூப்லைட் வெளிச்சம் பளபளத்து எழுத்து மறைந்துவிடும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், மங்கலான ஒரு துணிமேல் வைத்து, நான்கு மூலைகளும் தெரிய எடுங்கள். இரண்டாவது, முக வீடியோ. திரையில் சொல்கிறபடி தலையைத் திருப்பிச் சில நொடிகள் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு நாளுக்குள் பதில் மின்னஞ்சலில் வரும்.

மூன்றாவதுதான் நான் முதலில் சொன்ன, எதையும் காட்டாத வழி. சேனலின் வரலாறு. நீங்கள் ஏற்றிய வீடியோக்கள், நேரலைகள், பார்வையாளர்கள் அவற்றோடு எப்படிப் பழகுகிறார்கள், உங்கள் கூகுள் கணக்கு எப்போது உருவானது, எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்பதையெல்லாம் வைத்து அவர்களே தீர்மானிப்பார்கள். விதிகளை மீறாமல் ஒழுங்காக வீடியோ போட்டுவரும் சேனல்களில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் இந்த வரலாற்றைச் சேர்த்துவிடும் என்று யூடியூப் சொல்கிறது. சேனலைத் திறந்துவிட்டுச் சும்மா கிடந்தால் சேராது.

அட்டையைக் கொடுக்க உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. சேனலுக்குப் போதுமான வரலாறு சேர்ந்ததும், அல்லது இந்த வசதிகளை ஒரு வருடம் பயன்படுத்தாமல் விட்டாலும், அந்தப் பதிவை நீக்கிவிடுவது அவர்களுடைய நடைமுறை. உங்கள் கூகுள் கணக்கிலிருந்து நீங்களே முன்கூட்டியும் அழிக்கலாம். ஆனால் வரலாறு சேர்வதற்கு முன்பே அழித்தால் மூன்றாம் படி மறுபடியும் மூடிக்கொள்ளும். லிங்க் கிடைத்துவிட்டது, இனி அட்டை எதற்கு என்று மறுநாளே அழித்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, வீட்டிலேயே பொடி வகைகளும் ஊறுகாயும் செய்து விற்கிறார். ஆர்டருக்கு வாட்ஸ்அப் லிங்க் போட்டும் யாருக்கும் திறக்கவில்லை என்று கூப்பிட்டார். லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார். வெரிஃபை செய்யும் இடமே அவருக்கு வரவில்லை. ஸ்டுடியோவில் அனுமதிகள் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. சேனலை ஆரம்பித்துக் கொடுத்தது வீடியோ எடிட் செய்யும் ஒரு பையன். முதன்மை உரிமையாளர் என்று அவன் மின்னஞ்சல்தான் இருந்தது, அக்கா வெறும் மேலாளர். அடையாளத்தைக் காட்ட வேண்டியவர் முதன்மை உரிமையாளர்தான். அந்தப் பையன் தன் லைசென்ஸைக் காட்டியிருந்தால் லிங்க் திறந்திருக்கும். ஆனால் அக்காவின் தொழில் அவன் அடையாளத்தின்மேல் நின்றிருக்கும். அதனால் உரிமையை முதலில் அக்காவின் கணக்குக்கு மாற்றச் சொன்னோம். புதிதாகச் சேர்த்த ஒருவரை உடனே முதன்மை உரிமையாளர் ஆக்க விடமாட்டார்கள். சில நாட்கள் பொறுக்க வேண்டும். பிறகு அக்கா தன் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார், அனுமதி வந்தது.

வந்த பிறகும் லிங்க் திறக்கவில்லை! பார்த்தால் முன்னால் `https://` இல்லாமல் எழுதியிருக்கிறார். முழுதாக இப்படி எழுத வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

நாட்டுக் குறியீடு, அதையொட்டி நம்பர். கூட்டல் குறியோ தொடக்கத்தில் பூஜ்ஜியமோ இடைவெளியோ வேண்டாம். மாற்றிச் சேமித்ததும் எழுத்து நீலமானது. உங்கள் சேனலிலும் யார் உரிமையாளர் என்பதையும் லிங்க் முழுதாக இருக்கிறதா என்பதையும் லைசென்ஸைத் தேடுவதற்கு முன்பே பாருங்கள்.

மூன்றாம் படி திறந்தாலும் எல்லா இடத்திலும் லிங்க் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்டிலும் 2023 ஆகஸ்ட் 31 முதல் லிங்க்கைத் தொட முடியாதபடி செய்துவிட்டார்கள். அங்கே ஸ்பேம் தாங்க முடியாத அளவுக்குப் போனதுதான் காரணம். எந்த அட்டை காட்டினாலும் அது திறக்காது. அதற்கு மாற்றாக, அதே மாதம் சேனல் முகப்பில் சப்ஸ்கிரைப் பட்டனுக்குப் பக்கத்தில் லிங்க் தெரியும்படி ஏற்பாடு செய்தார்கள். ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் "லிங்க் சேனல் பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான். ஷார்ட்ஸிலிருந்து உங்களுடைய இன்னொரு யூடியூப் வீடியோவுக்கு வழி கொடுக்கலாம். அந்த நீள வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் கடை லிங்க்கை வைத்தால் சுற்றி வந்தாவது ஆள் வந்து சேரும்.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் செய்வார்கள். சமூக விதிகளை மீறியதாக ஸ்ட்ரைக் விழுந்தால் இந்த வசதிகள் போகக்கூடும். வெளி லிங்க்குக்குத் தனி விதியே உண்டு: பாஸ்வேர்டு பறிக்கும் பக்கம், வைரஸ் உள்ள பக்கம், யூடியூபில் போட அனுமதி இல்லாத உள்ளடக்கம் உள்ள பக்கம் எதற்கும் ஆளை அனுப்பக்கூடாது. தொட்டால் திறக்காத லிங்க்குக்கும் அது பொருந்தும். "டாட் காம்" என்று பிரித்து எழுதினாலும், வீடியோவில் வாயால் சொன்னாலும் அதே விதிதான்.

இந்த அடையாளச் சோதனையால் தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. புதிதாகத் திறப்பது கடினமானதும், திருடர்கள் ஏற்கனவே திறந்திருக்கும் சேனல்களைத் தேடிப் போகிறார்கள். யூடியூபர்களைக் குறிவைத்த இப்படிப்பட்ட ஒரு திருட்டைப் பற்றி கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. ஸ்பான்சர் போல மின்னஞ்சல் வரும், எங்கள் ஆன்டிவைரஸைப் பற்றி ஒரு வீடியோ போடுங்கள் என்று ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லும். அதை இயக்கினால், நீங்கள் கணக்கில் நுழைந்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் சிறு பதிவான குக்கியைத் திருடிக்கொண்டு போகும். குக்கி கிடைத்தால் பாஸ்வேர்டே தேவையில்லை, ஏற்கனவே உள்ளே நுழைந்த நபராகவே அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அப்படிப் பறித்த சேனல்கள், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பொறுத்து 3 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை விலைபோனதாக அந்த அறிக்கை சொன்னது. பலவற்றில் பெயரையும் படத்தையும் மாற்றி கிரிப்டோ மோசடி நேரலை ஓட்டினார்கள்.

லிங்க் திறந்த சேனல் உங்கள் கையில் வந்த பிறகு, ஸ்பான்சர் என்று யாராவது பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் அனுப்பினால், சேனல் கணக்கு திறந்திருக்கும் கணினியில் அதைப் பிரிக்காதீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு வையுங்கள். ஆனால் குக்கி திருட்டை அது மட்டும் தடுக்காது. பழைய வீடியோக்களின் டிஸ்கிரிப்ஷனை அவ்வப்போது திறந்து பாருங்கள். நீங்கள் எழுதாத லிங்க் ஒன்று அங்கே இருந்தால், எல்லாக் கருவிகளிலும் கணக்கிலிருந்து வெளியேறி, பாதிப்பில்லாத வேறொரு கருவியிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு அனுமதிகள் பக்கத்தில் தெரியாத மின்னஞ்சல் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.