கைகட்டி நின்றால் கோபமா?

"கோபியில் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. குடும்பப் படத்தில் மாப்பிள்ளையின் அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நிற்கிறார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு உட்கார வேண்டியவரே அவர்தான். படத்தைப் பார்த்து மனதைச் சொல்ல முடியுமா?"
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருக்கு அடுத்து நிற்கும் இரண்டு பெண்களும் அதே இடப்பக்கம்தான் பார்க்கிறார்கள். அங்கிருந்து யாரோ செல்போனில் படம் எடுத்திருக்க வேண்டும், அல்லது கூப்பிட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் திரும்பியிருந்தால் அது வேறு, மூன்று பேர் சேர்ந்து திரும்பியிருந்தால் காரணம் பெரும்பாலும் படத்துக்கு வெளியேதான் இருக்கும். அவர் வரிசையின் கடைசியில் நிற்பதையும் கவனியுங்கள். ஓரத்தில் நிற்பவரைத்தான் புகைப்படக்காரர் "உள்ளே தள்ளி நில்லுங்கள்" என்பார். தோளைச் சாய்த்துக் கையை ஒடுக்கிக்கொண்டால்தான் அங்கே இடம் கிடைக்கும். கட்டிய கைக்குக் கீழே கைப்பையின் வார் தொங்குகிறது. பையைத் தூக்கி நிற்கும் கை அப்படித்தான் மடங்கும்.

உடல் எதையுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் வீரர்கள் புள்ளியை வென்ற, இழந்த கணங்களின் படங்களைக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வெற்றியா தோல்வியா என்று பிரித்தறிய முடியவில்லை. உடலைப் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அது உணர்ச்சி பொங்கி வழிந்த கணம், யாரும் நிற்கச் சொல்லி நின்றதல்ல. குழுப்படத்தில் நிற்கும் நிலையில் பாதி புகைப்படக்காரர் சொன்னது. அதிலும் படம் பதிவாவது ஏறக்குறைய நூறில் ஒரு நொடியில். கண் இமைப்பதற்கே அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நேரம் ஆகும். வாய் பாதி திறந்த, இமை பாதி மூடிய அந்தத் துணுக்கைத்தான் நாம் "முகம் சுளித்தார்" என்று படிக்கிறோம்.

புகைப்படக்காரரிடம் தேர்ந்தெடுக்காத எல்லாப் படங்களையும் கேளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நாலைந்து எடுத்திருப்பார். நேர வரிசையில் வைத்து அவரை மட்டும் பாருங்கள். பந்தியில் பேசும்போதும் தட்டு மாற்றும்போதும் எப்படி இருக்கிறார்? அங்கெல்லாம் கலகலப்பாக இருந்தால் இந்தப் படம் ஒரு நொடியின் விபத்து. எல்லாவற்றிலும் இறுகி நின்றால், முதலில் அவருடைய பழைய குடும்பப் படங்களோடு ஒப்பிடுங்கள். கேமரா முன்னால் எப்போதுமே விறைத்து நிற்பவர்கள் எத்தனையோ பேர். வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தாலும், அன்று அவர் இயல்பாக இல்லை என்பது வரைதான் படம் சொல்லும். தலைவலியா, கைக்குழந்தை தூங்காத இரவா, அழைப்பதில் ஏதேனும் மரியாதைக் குறைவா, உங்கள் மகளைப் பிடிக்கவில்லையா என்பதைத் தோள் சொல்லாது.

கல்யாணப் புடவை எடுக்க ஈரோட்டுக்குப் போகும்போது அவரையும் அழையுங்கள். படத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். இணைச்சீர்ப் புடவையை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.