பத்தாயிரம் ஃபாலோயர்களை வாங்கினால் ரீல்ஸ் ஓடுமா?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பழைய பைகள், ஜிப்புகளைச் சரிசெய்து காட்டும் கணக்கு வைத்திருக்கிறேன். ஃபாலோயர்கள் 400 பேர்தான். ஒரு ரீல் மட்டும் 60,000 பார்வை போனது. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் 200-ஐத் தாண்டவில்லை. "கணக்கு முடங்கிவிட்டது, 10,000 ஃபாலோயர்கள் வாங்குங்கள், சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். வாங்கலாமா? ஓடிய ரீல், ஓடாத ரீல் இரண்டையும், அவற்றின் பார்வைப் புள்ளிவிவரப் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வாங்க வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இருக்கிறது.

உங்கள் 400 ஃபாலோயர்களும் ஒருவர் விடாமல் பார்த்திருந்தாலும், 60,000-ல் அது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அந்த ரீலை ஓட வைத்தவர்கள் உங்களை அதற்கு முன் அறியாதவர்கள். அவர்களிடம் ஒரு வீடியோவைக் கொண்டுபோகும் வழியில் ஃபாலோயர் எண்ணிக்கைக்குப் பெரிய வேலை இல்லை. டிக்டாக் 2020 ஜூனில் தன் பரிந்துரை முறையை விளக்கியபோதே, ஃபாலோயர் எண்ணிக்கையோ முந்தைய வீடியோக்களின் வெற்றியோ நேரடிக் காரணிகள் அல்ல என்று சொல்லிவிட்டது. இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் தன் முறையைப் படிப்படியாகவே விவரித்தது. பரிந்துரைக்குத் தகுதியான ரீலை, ரசிக்கக்கூடும் என்று தான் கணிக்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு முதலில் காட்டுகிறது. அவர்கள் ஃபாலோயர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே நன்றாக எடுபட்ட ரீல்கள் சற்றுப் பெரிய கூட்டத்துக்குப் போகின்றன. அவற்றிலும் தேறியவை இன்னும் பெரிய கூட்டத்துக்கு. இப்படியே போகும்.

ஆக, ஒவ்வொரு ரீலும் தனித்தனியாகத் தேர்வு எழுதுகிறது. 200-ல் நின்றுவிட்டால் பலரும் கணக்குக்குத் தண்டனை என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: முதல் கூட்டம் பார்த்து முடித்தது, அடுத்த கூட்டத்துக்கு அனுப்பக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உண்மையிலேயே தடை இருக்கிறதா என்று பார்க்கத் தனி இடம் உண்டு. அமைப்புகளில் Account Status என்பதைத் திறந்தால், ஃபாலோ செய்யாதவர்களுக்கு உங்கள் பதிவுகளைப் பரிந்துரைக்க முடியுமா என்று தெரியும். அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால், "முடங்கிவிட்டது" என்று அவர் சொன்னது பொருளை விற்கச் சொன்ன கதை.

இப்போது உங்கள் இரண்டு ரீல்களுக்கு வருவோம். ஓடியது 34 நொடி. முதல் ஃபிரேமிலேயே ஜிப்பை இழுக்கிறீர்கள், ஓட்டி மேலே போகிறது, பின்னாலேயே பற்கள் வாயைப் பிளக்கின்றன. எல்லோருக்கும் நடக்கிற எரிச்சல் அது. அடுத்து கட்டிங் பிளேயரால் ஓட்டியின் இரு ஓரங்களையும் லேசாக அழுத்துகிறீர்கள், ஜிப் கோத்துக்கொண்டு மூடுகிறது. சராசரியாக 25 நொடி பார்த்திருக்கிறார்கள். 60,000 பார்வைக்கு 900 பேர் இன்னொருவருக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதாவது ஆயிரத்துக்குப் பதினைந்து. ஓடாதது 41 நொடி. முதல் 5 நொடி வணக்கம், அறிமுகம், பையைத் திருப்பிக் காட்டுவது. சராசரிப் பார்வை 6 நொடி. பை எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரிவதற்குள் பெரும்பாலானவர்கள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அனுப்பியவர் யாருமில்லை.

தளம் எடைபோடுவது இதைத்தான். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் இடுகிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களிடம் போய்ச் சேர லைக் கூடுதலாக உதவும், புதியவர்களிடம் போய்ச் சேர அனுப்புதல் கூடுதலாக உதவும் என்பதும் அவர் சொன்னதுதான். லைக்கும் அனுப்புதலும் விகிதங்களாகவே பார்க்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். மொத்த லைக் எத்தனை என்பதைவிட, காட்டியவர்களில் எத்தனை பேர் என்பதே கேள்வி.

இதனால்தான் விலைக்கு வாங்கும் ஃபாலோயர்கள் உதவுவதில்லை. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஆளே இல்லாத கணக்குகள் உங்கள் ரீலைப் பார்ப்பதே இல்லை, முகப்பில் எண் மட்டும் ஏறும். கூலிக்குத் தட்டுபவர்கள் நடத்தும் கணக்குகள் இன்னும் மோசம். ஒரு நொடி திறந்து, லைக் தட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்த ஒரு நொடிகள் உங்கள் பார்வை நேரச் சராசரியைக் கீழே இழுக்கும். அதோடு, யாருக்கு இந்த ரீல் பிடிக்கும் என்று தளம் கற்றுக்கொள்ளும் சான்றே கெட்டுப்போகும். ஜிப் பழுதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களைப் போன்றவர்களை அது அடுத்துத் தேடும். இன்ஸ்டாகிராம் இப்படி வந்த போலி லைக், ஃபாலோக்களை நீக்குவதாக 2018-லேயே அறிவித்தது. ஆகவே வாங்கிய எண்ணிக்கை நிலைக்கும் என்ற உறுதியும் கிடையாது. அவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். 200 பேர் என்பது சின்னக் கூட்டம். அதில் இரண்டு பேர் அனுப்புவதும் நான்கு பேர் அனுப்புவதும் அந்த நேரத்தில் யார் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. நல்ல ரீல் முதல் கூட்டத்திலேயே நின்றுபோவது நடக்கத்தான் செய்யும். ஆகவே ஒரே ஒரு ரீலின் பார்வை எண்ணை வைத்து முடிவெடுக்காமல், கடைசிப் பத்து ரீல்களின் சராசரிப் பார்வை நேரத்தை எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தோடும் ஒப்பிடுங்கள். பத்தும் 6 நொடியில் கவிழ்ந்தால் தொடக்கத்தில்தான் கோளாறு. பாதிக்கு மேல் பார்த்தும் யாரும் அனுப்பவில்லை என்றால் தொடக்கம் சரி, ஆனால் "இதை அவளுக்குக் காட்ட வேண்டும்" என்று ஒருவருக்குத் தோன்றும் விஷயம் அதில் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

அந்தப் பணத்தை "பூஸ்ட்" செய்யப் போடலாமே என்று தோன்றலாம். அது நேர்மையான வழி, ஆனால் விளம்பரம். காசு தீர்ந்ததும் காட்டுவது நிற்கும். உங்கள் 41 நொடி ரீலுக்குக் காசு போட்டால், இன்னும் பல ஆயிரம் பேர் 6 நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள்.

அதற்குமுன் காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். பதிவேற்றும் பக்கத்தில் Trial என்ற தேர்வு உங்களுக்குத் தெரிகிறதா என்று தேடுங்கள். 2024 டிசம்பரில் வந்தது. அதைப் போட்டால் ரீல் முதலில் ஃபாலோயர் அல்லாதவர்களுக்கு மட்டும் போகும், சுமார் 24 மணி நேரத்தில் பார்வைப் புள்ளிவிவரம் தெரியும். அந்தப் பை ரீலையே எடுத்து, முதல் 5 நொடியை வெட்டிவிட்டு, கிழிசலில் விரல் நுழையும் காட்சியிலிருந்து தொடங்கி, இதில் போடுங்கள். சராசரி 6 நொடியிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று எழுதுங்கள். ஏறவில்லை என்றால் இரண்டு வீடியோக்களையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.