மடித்த சட்டைக் கை ஒட்டவைத்த பட்டைபோல் தெரிகிறதா?

"போட்டோஷாப்பில் அப்பாவின் முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழ்வரை மடித்த மாதிரி மாற்றினேன். கை பொருந்திவிட்டது, மடிப்பு மட்டும் ஒட்டவைத்த பட்டைபோல் தெரிகிறது. என்ன செய்வது?"

மடிப்பைக் கையின் வெளிக்கோட்டைவிட இருபுறமும் சற்று அகலமாக்குங்கள். அப்புறம் `Edit > Transform > Warp` மூலம் கீழ் விளிம்பை வளைத்துவிடுங்கள். சுருட்டிய துணி கையைச் சுற்றி நிற்கும் வளையம், அதன் ஓரம் பெரும்பாலும் நேர்கோடாகத் தெரியாது.

பெரும்பாலும் இன்னொரு காரணமும் இருக்கும்: சட்டையின் வெளிப்பக்கத் துணியையே எடுத்து மடிப்பில் வைத்திருப்பீர்கள். சட்டைக் கையை எத்தனை முறை சுருட்டினாலும் வெளியே தெரிவது துணியின் உட்பக்கம்தான். அச்சிட்ட பூப்போட்ட சட்டை என்றால் அது வெளிறியிருக்கும், ஆகவே அந்தத் துண்டின் நிறத்தைக் குறையுங்கள். நெய்த கோடு என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். கோடுகள் கையின் நீளவாக்கிலேயே ஓடும், ஆனால் மடிப்பில் மேல்துணியோடு நேராகச் சேராமல் சற்று விலகி நிற்கும். இந்த விலகல்தான் நம்ப வைக்கிறது.

மடிப்பின் நிழலுக்கு, முன்கை லேயரோடு கிளிப் செய்த இரண்டு `Multiply` லேயர்கள் போதும். ஒன்று விளிம்பை ஒட்டி மெல்லியதாக, மற்றது அகலமாக, மங்கலாக. கறுப்பு வேண்டாம், தோலின் நிழல் பகுதியிலிருந்தே நிறம் எடுங்கள்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே `Black & White` லேயர் போடுங்கள். நிறம் போனதும் மடிப்பு தட்டையாகத் தெரிந்தால் குறை இருப்பது வெளிச்சத்தில்தான், துணியில் இல்லை.

முன்கை வேறு படத்திலிருந்து எடுத்ததா? அதில் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தால் இத்தனையும் வீண். அதே பக்க ஜன்னல் வெளிச்சத்தில் கையை மட்டும் மறுபடி எடுத்துவிடுங்கள்.